மல்டிகிரிட் சுழற்சி: கிரிட் எவ்வளவு நெருங்கினாலும் வேகம் குறையாதது எப்படி

மல்டிகிரிட் என்பது ஒரே சமன்பாட்டை நெருக்கமானதும் பரவலானதுமான பல கிரிட்டுகளில் மாறி மாறிக் கையாண்டு விடையை விரைவாக எட்டும் முறை. இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு மிக எளிது. 0 முதல் 1 வரை உள்ள கோட்டில் `-u'' = f`, இரு முனைகளிலும் `u = 0`. கோட்டை `n` சம துண்டுகளாக வெட்டினால் `h = 1/n`. ஒவ்வொரு உள்புள்ளியிலும் கிடைக்கும் சமன்பாடு இது:

```
(-u[j-1] + 2*u[j] - u[j+1]) / h^2 = f[j]
```

இந்த ஒருபரிமாணக் கணக்கை நேரடி நீக்கல் முறையிலேயே நொடியில் முடித்துவிடலாம், மல்டிகிரிட் தேவையே இல்லை. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மல்டிகிரிட்டின் உள்வேலை முழுவதையும் பேனாவும் தாளும் கொண்டு, தோராயம் எதுவும் சேர்க்காமல், கணக்கிட்டுக் காட்டக்கூடிய இடம் இது. இரண்டு, மூன்று பரிமாணங்களில் நடப்பதும் இதே கதைதான்.

ஜகோபி எங்கே திணறுகிறது

கையில் உள்ள தோராயத் தீர்வு `u`. சரியான தீர்வுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பிழை, `e`. அதை நேரடியாகப் பார்க்க முடியாது. பார்க்க முடிவது ரெசிடுவல், அதாவது `r = f - A u`. `A` என்பது மேலே உள்ள சமன்பாடுகளின் இடப்பக்க அணி. இரண்டையும் இணைப்பது `A e = r` என்ற ஒரே சமன்பாடு. மல்டிகிரிட் முழுவதும் இந்தச் சமன்பாட்டைச் சுற்றியே நடக்கிறது.

எந்தப் பிழையையும் `sin(jkπ/n)` என்ற அலைகளின் கூட்டாக எழுதலாம், `k` 1 முதல் `n-1` வரை. `k` சிறியதாக இருந்தால் பிழை மெதுவாக ஏறி இறங்கும், வழவழப்பாக இருக்கும். `k` `n/2`-ஐத் தாண்டினால் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே மேலும் கீழும் துள்ளும், சொரசொரப்பாக இருக்கும். ஜகோபி முறை ஒவ்வொரு புள்ளியையும், பக்கத்துப் புள்ளிகளின் பழைய மதிப்பை வைத்து, அதன் சமன்பாடு நிறைவேறும்படி மாற்றும். எடையிட்ட ஜகோபி அந்த மாற்றத்தில் `ω` பங்கை மட்டும் எடுக்கும். இப்படி ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் புதுப்பித்தால், `k`-ஆம் அலையின் உயரம் பெருக்கப்படும் எண் இது:

```
λ_k = 1 - 2ω s_k,    s_k = sin²(kπ/2n)
```

`ω = 2/3` என்று வையுங்கள். `k = n/2`-இல் `λ` = 1/3. `k` `n`-ஐ நெருங்கும்போது `λ` = −1/3. ஆக, சொரசொரப்பான பாதி அலைகள் அனைத்தும் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. `n` 64 ஆனாலும் 64,000 ஆனாலும் இது மாறாது.

வழவழப்பான பக்கம் வேறு மாதிரி. `n = 64`, `k = 1` என்றால் `λ` சுமார் 0.9992. அந்த அலையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஏறக்குறைய 2,870 சுற்றுகள் வேண்டும். `n`-ஐ 128 ஆக்கினால் இது நான்கு மடங்காகும். கிரிட்டை நெருக்கமாக்குவதற்குப் புள்ளிகள் கூடுவது ஒரு விலை, சுற்றுகள் கூடுவது இன்னொரு விலை. இரண்டாவது விலையை ஒழிப்பதே நம் வேலை.

`ω = 1` என்று வைத்தால், அதாவது சாதாரண ஜகோபி, `k` `n`-ஐ நெருங்கும் அலைக்கு `λ` கிட்டத்தட்ட −1. மிகவும் சொரசொரப்பான அலை குறையாமல், குறி மட்டும் மாறி மாறி நிற்கும். அதனால் சொரசொரப்பைத் துடைக்கும் கருவியாக, அதாவது ஸ்மூதராக, எடையில்லாத ஜகோபியை வைக்கவே கூடாது.

இரண்டு கிரிட்டில் ஒரு சுற்று

வழவழப்பான பிழையைப் பதிவு செய்ய இத்தனை புள்ளிகள் தேவையில்லை. ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை எடுத்து `2h` இடைவெளியில் பருங்கிரிட் அமைத்தால், `n = 64`-இல் நாலாம் அலை `n = 32`-லும் நாலாம் அலையாகவே தெரியும். செய்ய வேண்டியவை வரிசையாக:

1. நுண்கிரிட்டில் ஒன்று அல்லது இரண்டு ஸ்மூதிங் சுற்று ஓட்டுங்கள்.
2. ரெசிடுவல் `r = f - A u` கணக்கிடுங்கள்.
3. அதைப் பருங்கிரிட்டுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு பரும்புள்ளியிலும் இடது, நடு, வலது புள்ளிகளின் ரெசிடுவலை 1/4, 1/2, 1/4 என்ற எடையில் கூட்டுங்கள்.
4. பருங்கிரிட்டில் `A e = r` சமன்பாட்டைத் தீருங்கள். இங்கே தேடுவது `u` அல்ல, பிழை. தொடக்க மதிப்பு பூஜ்யம், முனைகளிலும் பூஜ்யம்.
5. கிடைத்த `e`-ஐ நுண்கிரிட்டுக்கு ஏற்றுங்கள். பொதுப் புள்ளிகளில் அப்படியே, நடுப்புள்ளிகளில் இரு பக்கத்தின் சராசரி. அதை `u`-உடன் கூட்டுங்கள்.
6. மீண்டும் ஒன்று அல்லது இரண்டு ஸ்மூதிங் சுற்று.

கடைசிப் படியை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், ஏன் என்று அடுத்து தெரியும்.

`n` காணாமல் போகும் இடம்

பருங்கிரிட்டில் நின்று பார்த்தால் `k`-ஆம் அலைக்கும் `n-k`-ஆம் அலைக்கும் வித்தியாசம் தெரியாது, குறி மட்டும் மாறும். அதனால் அலைகளை இந்த ஜோடிகளாகவே பார்க்க வேண்டும். `s = sin²(kπ/2n)`, `c = cos²(kπ/2n)` என்று எழுதுங்கள், `s + c = 1`. 2 முதல் 5 வரையிலான படிகள் மட்டும் சேர்ந்து (பருங்கிரிட்டில் தீர்வு முழுமையாகக் கிடைத்தால்) அலைகளை இப்படி மாற்றுகின்றன:

```
w_k      →  s·w_k + s·w_(n-k)
w_(n-k)  →  c·w_k + c·w_(n-k)
```

`n = 64`, `k = 4` என்று எண்களைப் போட்டுப் பார்ப்போம். `s` = 0.0096, `c` = 0.9904. நாலாம் அலை ஒரே அடியில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போகிறது. இதையே ஜகோபியால் மட்டும் செய்ய வேண்டுமானால் சுமார் 357 சுற்றுகள். ஆனால் முதல் வரியின் இரண்டாம் உறுப்பைக் கவனியுங்கள்: சிறிய அளவில் 60-ஆம் அலை ஒன்று புதிதாகப் பிறந்திருக்கிறது. நடுப்புள்ளிகளில் சராசரி எடுத்ததால் வந்த சொரசொரப்பு அது. அதைத் துடைக்கவே ஆறாம் படி.

இரண்டாம் வரி இன்னும் முக்கியம். 60-ஆம் அலை நுண்கிரிட்டில் குறைக்கப்படாமல் பருங்கிரிட் திருத்தத்துக்குள் போனால், அது 0.99 பங்கு அப்படியே தங்கும், கூடவே 0.99 உயரத்தில் ஒரு நாலாம் அலையையும் உருவாக்கிவிடும். சொரசொரப்பான பிழையைப் பருங்கிரிட்டிடம் கொடுத்தால் அது உதவாமல் போவதோடு நிற்காது, வழவழப்பான பக்கத்தையும் கெடுக்கும். ஆகவே ஸ்மூதிங் முதலில், திருத்தம் பிறகு.

இப்போது ஸ்மூதிங்கையும் சேர்ப்போம். மேலே உள்ள இரு வரிகளும் ஒரே வடிவத்தில் இருப்பதால், ஜோடிக்கு ஒரே ஒரு பூஜ்யமல்லாத ஐகன் மதிப்புதான் உண்டு. முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் இரண்டு ஸ்மூதிங் சுற்று என்றால் அது:

```
s(1 - 4s/3)² + c(1 - 4c/3)²
  = 1 - (8/3)(s² + c²) + (16/9)(s³ + c³)
  = 1 - (8/3)(1 - 2sc) + (16/9)(1 - 3sc)
  = 1/9
```

`sc` உள்ள உறுப்புகள் இரண்டும் சரியாக அடிபட்டுப் போகின்றன. எந்த `k`-ஆக இருந்தாலும், எந்த `n`-ஆக இருந்தாலும் 1/9. ஒரு சுற்றுக்குப் பிழை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்த எண்ணுக்குள் `h` எங்குமே இல்லை. ஒரே ஒரு ஸ்மூதிங் சுற்று மட்டும் என்றால் விடை `-1/3 + 8sc/3`. `sc` 0-க்கும் 1/4-க்கும் இடையே இருப்பதால், அளவு 1/3-ஐத் தாண்டாது. கிரிட்டைச் சாராத வேகம் என்று சொல்வதன் பொருள் இந்த நான்கு வரிகளுக்குள் முழுதாக இருக்கிறது.

பருங்கிரிட்டைக் கொண்டு வேகப்படுத்தும் இந்த எண்ணத்தைச் சோவியத் கணிதவியலாளர் ஃபெடொரென்கோ 1961-இலும் 1964-இலும் எழுதினார். பக்வாலோவ் 1966-இல் அதைப் பொதுவான சமன்பாடுகளுக்கு விரித்தார். அதைக் கைக்குள் அடங்கும் கருவியாக்கி, ஒவ்வொரு ஸ்மூதரையும் இப்படி அலை அலையாக அளந்து பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியது ஆக்கி பிராண்டின் 1977 கட்டுரை.

இரண்டிலிருந்து பல மட்டங்களுக்கு

32 துண்டுகளில் `A e = r` தீர்ப்பதும் அதே வகைக் கணக்குதான். அதனால் அங்கேயும் ஸ்மூதிங் செய்து 16-க்கு இறங்கலாம், பிறகு 8, 4, 2. கடைசியில் ஒரே ஒரு தெரியாத எண் மிஞ்சும். இறங்கி ஏறும் இந்தப் பாதைதான் வி-சுழற்சி. முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
import numpy as np

def smooth(u, f, h, nu, w=2/3):
    for _ in range(nu):
        u[1:-1] += w*0.5*(u[:-2] - 2*u[1:-1] + u[2:]
                          + h*h*f[1:-1])

def vcycle(u, f, h, n1=1, n2=1):
    if len(u) == 3:
        u[1] = (u[0] + u[2] + h*h*f[1])/2
        return u
    smooth(u, f, h, n1)
    r = np.zeros_like(u)
    r[1:-1] = f[1:-1] + (u[:-2] - 2*u[1:-1] + u[2:])/h**2
    rc = np.zeros((len(u) + 1)//2)
    rc[1:-1] = (r[1:-3:2] + 2*r[2:-2:2] + r[3:-1:2])/4
    ec = vcycle(np.zeros_like(rc), rc, 2*h, n1, n2)
    u[::2] += ec
    u[1::2] += (ec[:-1] + ec[1:])/2
    smooth(u, f, h, n2)
    return u
```

`u`-வின் நீளம் `n+1`. `n` இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். வேறு எண் வேண்டுமானால், உதாரணமாக 48, 3 துண்டுகள் வரை இறங்கி அங்கே நேரடியாகத் தீர்க்கும்படி முதல் `if`-ஐ மாற்றினால் போதும். கடைசி மட்டம் ஒரே புள்ளியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒருபரிமாணத்தில் எல்லா மட்டங்களின் வேலையும் சேர்ந்து நுண்கிரிட் வேலையின் இரண்டு மடங்கைத் தாண்டாது. இருபரிமாணத்தில் ஒவ்வொரு இறக்கத்திலும் புள்ளிகள் கால்பங்காவதால் மொத்தம் 4/3 மடங்குதான், முப்பரிமாணத்தில் 8/7. பருங்கிரிட்டுகள் ஏறக்குறைய இலவசம் என்றே சொல்லலாம்.

பருங்கிரிட் தீர்வு இப்போது முழுமையானதல்ல, அதுவும் ஒரு வி-சுழற்சியின் விடைதான். அதனால் சுருக்க எண் 1/9-க்குச் சற்று மேலே, 0.3-க்குக் கீழே நிற்கும். மட்டங்கள் கூடக் கூட அது ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிலைபெறுவதுதான் முக்கியம். ஒவ்வொரு மட்டத்திலும் பருங்கிரிட்டை இருமுறை அழைத்தால் அது டபிள்யூ-சுழற்சி, இரு-கிரிட் எண்ணுக்கு நெருங்கி வரும். இந்த எளிய சமன்பாட்டுக்கு அது வீண். கடினமான கெழுக்கள் உள்ள கணக்கில் வி-சுழற்சி மட்டத்துக்கு மட்டம் மோசமாவது தெரிந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

எழுதியதைச் சோதிப்பது

மல்டிகிரிட்டில் உள்ள தொல்லை, தவறாக எழுதியிருந்தாலும் பல சமயம் விடைக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது. ஸ்மூதர் எப்படியும் மெல்ல இழுத்துச் செல்லும். அதனால் விடை சரியா என்று பார்ப்பது போதாது, வேகத்தை அளக்க வேண்டும்.

`f = 0` வையுங்கள். உள்புள்ளிகளில் `u`-வுக்கு ரேண்டம் எண்கள், முனைகளில் பூஜ்யம். சரியான தீர்வு பூஜ்யம் என்பதால் `u`-வே பிழை. பத்துச் சுழற்சி ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் பிழையின் அளவை முந்தைய அளவால் வகுங்கள். முதல் இரண்டு மூன்று எண்களை நம்ப வேண்டாம், ரேண்டம் தொடக்கத்தில் சொரசொரப்பு அதிகம் என்பதால் அவை மிக நன்றாகத் தெரியும். கடைசி எண்களே உண்மை. இதை `n` = 32, 128, 512, 2048 என்று திரும்பச் செய்யுங்கள். எண் அசையாமல் இருக்க வேண்டும்.

`f` பூஜ்யமாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. `f` வேறாக இருந்தால், இரட்டைத் துல்லியத்தில் ரெசிடுவல் `10^-16 / h²` அளவில் போய் முட்டி நின்றுவிடும். `n = 1024`-க்கு அது 10⁻¹⁰, 10⁻⁹ பக்கம். பார்ப்பவர்கள் சுழற்சி கெட்டுவிட்டது என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எண் சரியில்லை என்றால் முதலில் இரு கிரிட்டோடு நிறுத்துங்கள். பருங்கிரிட்டில் `np.linalg.solve` கொண்டு நேரடியாகத் தீருங்கள். மேலே பார்த்தபடி கடைசியில் 1/9, அதாவது 0.111 வர வேண்டும். வரவில்லையென்றால் தவறு இறக்குவதிலோ ஏற்றுவதிலோ பருங்கிரிட் அணியிலோ இருக்கிறது. வந்துவிட்டால் மட்டங்களுக்கிடையே அழைக்கும் இடத்தில் தேடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதலிடம் `h²`-க்கு. மேலே உள்ள நிரலில் `2*h` என்பதற்குப் பதில் `h` என்றே அனுப்பிவிட்டால், பருங்கிரிட் அணி நான்கு மடங்கு பெரிதாகும், திருத்தம் கால்பங்காகும். இரு கிரிட்டில் வழவழப்பான பிழையில் முக்கால் பங்கு ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருக்கும், எண் 0.75 பக்கம் காட்டும். `n = 64`-இலிருந்து ஐந்து மட்டம் இறங்கினால், கடைசி மட்டத்துத் திருத்தம் வர வேண்டியதில் 1/1024 பங்குதான் வரும். ஆகவே மட்டம் கூடக் கூட வேகம் குறைகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். சமன்பாட்டை `h²`-ஆல் பெருக்கி `2u[j] - u[j-1] - u[j+1] = h² f[j]` என்று எழுதுபவர்களுக்கும் இதே ஆபத்து. அவர்கள் இறக்கிய ரெசிடுவலை 4-ஆல் பெருக்கியாக வேண்டும். தவறு எதிர்த்திசையில் நடந்து திருத்தம் நான்கு மடங்கானால், வழவழப்பான பிழை ஒவ்வொரு சுற்றிலும் −3-ஆல் பெருக்கப்பட்டு உடனே வெடித்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

அடுத்தது பருங்கிரிட்டின் தொடக்க மதிப்பு. நினைவகத்தை மிச்சப்படுத்த `ec` அணியை மீண்டும் பயன்படுத்துபவர்கள் அதைப் பூஜ்யமாக்க மறப்பார்கள். முதல் சுழற்சி அழகாகப் போகும், இரண்டாவதிலிருந்து கெடும். `u`-வின் முனை மதிப்புகளைப் பருங்கிரிட்டிலும் போட்டுவிடுவது இதற்குச் சொந்தக்காரத் தவறு. நுண்கிரிட்டில் முனை மதிப்பு 5 ஆக இருந்தாலும், அங்கே பிழை பூஜ்யம்தான்.

இருபரிமாணத்தில் மாறுவது

ஐந்துபுள்ளி பாய்சான் சமன்பாட்டில் எடையிட்ட ஜகோபிக்கு ஏற்ற `ω` 4/5. சொரசொரப்பான அலைகளைச் சுற்றுக்கு 0.6 ஆகத்தான் குறைக்கும். சிவப்பு-கறுப்பு காஸ்-சைடல் இதே செலவில் 0.25 தருகிறது. `i+j` இரட்டையாக உள்ள புள்ளிகள் சிவப்பு, மற்றவை கறுப்பு. முதலில் சிவப்பு முழுவதும், பிறகு கறுப்பு முழுவதும். இறக்கும்போது ஒன்பது புள்ளி எடை:

```
        1  2  1
1/16 ·  2  4  2
        1  2  1
```

முன்னொன்று, பின்னொன்று என்று ஓட்டினால் வி-சுழற்சியின் எண் சுமார் 0.1.

இங்கே ஒரு நுணுக்கமான பொறி உண்டு. கறுப்பைக் கடைசியில் புதுப்பித்ததால் கறுப்புப் புள்ளிகளில் ரெசிடுவல் சரியாகப் பூஜ்யம். பரும்புள்ளிகள் எல்லாமே சிவப்பு. ஒன்பது எடையைச் சுருக்கி, நடுப்புள்ளி ரெசிடுவலை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒன்பது எடையில் கறுப்பு எட்டுப் பங்கு பூஜ்யத்தோடு பெருகிப்போக, சிவப்பு எட்டுப் பங்குதான் மிஞ்சும், அதாவது பாதி. நேரடியாக எடுப்பது இதன் இரண்டு மடங்கு. திருத்தம் இரண்டு மடங்கானால் வழவழப்பான பிழை −1-ஆல் பெருக்கப்படும், அது குறையவே குறையாது. சுருக்கவழி வேண்டுமானால் 1/2-ஆல் பெருக்குங்கள். வண்ண வரிசையை மாற்றிச் சிவப்பைக் கடைசியில் வைத்தாலோ, நேரடியாக எடுக்கும் ரெசிடுவல் எல்லாம் பூஜ்யம். பருங்கிரிட் எதுவுமே செய்யாது.

ஸ்மூதிங் தோற்கும் இடம்

சுவருக்கு அருகே தட்டையாக நீண்ட கட்டங்களை வைப்பது பாய்ம இயக்கக் கணக்குகளில் வழக்கம். `Δx = 10 Δy` என்றால், சமன்பாடு `-0.01 u_xx - u_yy` போல நடந்துகொள்ளும். `x` திசையில் துள்ளி, `y` திசையில் வழவழப்பாக உள்ள அலையை எடுங்கள். எடையிட்ட ஜகோபி அதை 0.984-ஆல்தான் பெருக்கும். `x`-இல் துள்ளுவதால் பருங்கிரிட்டாலும் அதைப் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் கைவிட்ட அலை அது. மொத்தச் சுழற்சியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். ஸ்மூதிங் சுற்றுகளைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

இது நடக்கிறதா என்று அறிய, சுழற்சி மந்தமான பிறகு மிஞ்சிய பிழையைப் படமாக வரையுங்கள். ஒரு திசையில் மட்டும் கோடுகோடாகத் தெரிந்தால் இதுதான். வழி இரண்டு. பிணைப்பு வலுவாக உள்ள `y` திசையில் ஒரு நெடுவரிசை முழுவதையும் ஒரே மூச்சில் தீர்த்துப் புதுப்பிக்கலாம். அது மூன்று-மூலைவிட்ட அணி என்பதால் புள்ளிக்கு ஒரு மாறாத செலவுதான். அல்லது ஸ்மூதரை அப்படியே விட்டு, கிரிட்டை `y` திசையில் மட்டும் பருமையாக்கலாம். வலுவான திசை இடத்துக்கு இடம் மாறினால், இரு திசைகளிலும் மாறி மாறி வரிசைத் தீர்வு செய்வது நல்லது.

எத்தனை சுழற்சி போதும்

சமன்பாட்டைக் கிரிட்டில் எழுதியதிலேயே `h²` அளவுப் பிழை இருக்கிறது. பிழையை அதற்குக் கீழே கொண்டுபோவதால் பயனில்லை. ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், `h` சிறுக்கும்போது அந்த அளவைத் தொடத் தேவையான சுழற்சிகள் `log n` போல மெல்லக் கூடும். முழு மல்டிகிரிட் இந்த மிச்சத்தையும் நீக்குகிறது. கடைசிப் பருங்கிரிட்டில் மூலச் சமன்பாட்டையே தீர்த்து, விடையை அடுத்த கிரிட்டுக்கு ஏற்றி, அங்கே ஒரு வி-சுழற்சி. மறுபடி ஏற்றி, மறுபடி ஒன்று. இங்கே ஏற்றுவது பிழை அல்ல, தீர்வு. அதனால் சராசரிக்குப் பதில் மூன்றாம்படி இடைச்செருகல் வையுங்கள். இருபரிமாணத்தில் மொத்தச் செலவு நுண்கிரிட் வேலையில் 16/9 மடங்கு.

சரிபார்க்க, விடை தெரிந்த ஒரு கணக்கை எடுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரே ஒரு சுழற்சி கொடுத்து, உண்மையான `u`-விலிருந்து விலகலை அளந்து பாருங்கள். `n` இரட்டிக்கும்போதெல்லாம் விலகல் கால்பங்காக வேண்டும். ஆகவில்லையென்றால் மட்டத்துக்கு இரண்டு சுழற்சி கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஆகவில்லையென்றால் குறை சுழற்சிகளின் எண்ணிக்கையில் இல்லை, சுருக்க எண்ணை அளக்கும் சோதனைக்குத் திரும்புங்கள்.